ஏல விளம்பரம் வந்த பிறகு அடமானச் சொத்தை மீட்க முடியுமா? கடன் வாங்கியவருக்கு உண்மையான கடைசி நாள் எது?

செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பகுதி நாளிதழ்களைப் புரட்டினால் வங்கிகளின் ஏல அறிவிப்புகள் அடிக்கடி கண்ணில் படும். சர்வே எண், நான்கு எல்லை, நிலுவைத் தொகை, ஏலம் நடக்கும் தேதி எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். சொத்துக்காரர்கள் பலர் அதில் ஏலத் தேதியை மட்டும்தான் பார்க்கிறார்கள். "ஏலத்துக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்குல்லா, அதுக்குள்ள பணத்தைப் புரட்டிக் கட்டிரலாம்" என்பது அவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கு தவறு. இன்றைய சட்டப்படி, அடமானச் சொத்தை உரிமையாக மீட்பதற்கான கடைசி நாள் ஏல நாள் கிடையாது. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முந்தைய நாளோடு அந்த உரிமை முடிந்துவிடுகிறது. முழுத் தொகையையும் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு நாள் தாமதமாகப் போனாலும், அதை வாங்கிக்கொண்டு பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை.

இந்த நிலை எப்படி வந்தது? நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன? நாள் தாண்டிப்போனவருக்கு வேறு என்ன வழி மிஞ்சுகிறது?

மீட்பு உரிமை என்றால் என்ன?

நிலத்தை ஒத்தி வைத்தவர், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் அவருக்கே திரும்ப வர வேண்டும். கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த இந்த நியாயம்தான் சட்டத்திலும் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆவது பிரிவு இதை அடமானம் வைத்தவரின் உரிமையாக வைத்திருக்கிறது. கடனை அடைத்தால் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சொத்து கடன் கொடுத்தவர் கையில் இருந்தால் அதையும் ஒப்படைக்க வேண்டும், அடமானம் ரத்தானதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த உரிமையைச் சட்டம் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. "இத்தனை நாளில் கட்டாவிட்டால் சொத்து எனக்கே சொந்தம்" என்று அடமானப் பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அந்த நிபந்தனை செல்லாது. 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், அடமானச் சொத்து ஏலத்தில் ஒருவருக்கு முடிந்துவிட்டது. ஆனாலும் கிரயப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யப்படும் வரை மீட்பு உரிமை உயிரோடு இருக்கிறது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. நார்ந்தாஸ் கர்சன்தாஸ் வழக்கு என்று அதைச் சட்டத்துறையில் குறிப்பிடுவார்கள்.

கைமாற்றுக் கடனுக்காகத் தனிநபரிடம் வைத்த அடமானத்துக்கு இன்றும் இந்தப் பழைய நியாயம்தான். வங்கியிடம் வைத்த அடமானத்தின் மேல் சர்ஃபேசி சட்டம் பாயும்போது கதை மாறுகிறது.

சர்ஃபேசி சட்டம் வங்கிக்கு என்ன அதிகாரம் தருகிறது?

முன்பெல்லாம் அடமானச் சொத்தை விற்க வங்கி நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதன் பிறகுதான் ஏலத்துக்கு வர முடியும். அதற்கே பல வருடங்கள் ஆகிவிடும். 2002இல் வந்த சர்ஃபேசி சட்டம் அந்தச் சுற்றை எடுத்துவிட்டது. கடன் வாராக்கடன் ஆகிவிட்டால், நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலே வங்கி தானாகச் சொத்தைக் கைப்பற்றி விற்கலாம்.

தவணை செலுத்தாமல் 90 நாட்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன் பிறகு 13(2) பிரிவின் கீழ் ஒரு நோட்டீஸ் வரும். மொத்தக் கடனையும் 60 நாளில் கட்டச் சொல்லும் நோட்டீஸ் இது. நிலுவைத் தவணையை மட்டும் அது கேட்காது.

60 நாளில் கட்டாவிட்டால் 13(4) பிரிவின் கீழ் சொத்தை வங்கி சுவாதீனம் எடுக்கும். பெரும்பாலும் முதலில் நடப்பது காகித அளவிலான சுவாதீனம்தான். சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் வரும், குடியிருப்பவர் குடியிருந்துகொண்டே இருப்பார். ஆளை வெளியேற்றிச் சாவியை வாங்க வேண்டுமென்றால், 14ஆவது பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ வங்கி மனு போடும்.

அதற்கடுத்தது மதிப்பீடு. அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் சொத்தைப் பார்த்து விலை சொல்வார். அதை வைத்துக் குறைந்தபட்ச ஏலத் தொகையை வங்கி நிர்ணயிக்கும். பிறகு ஏல அறிவிப்பு வெளிவரும்.

வங்கிகள் மட்டுமில்லை, வீட்டுக்கடன் நிறுவனங்கள், கூட்டுறவு வங்கிகள், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிதி நிறுவனங்கள் ஆகியவையும் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது.

2016இல் மாறியது என்ன?

மீட்பு உரிமை பற்றிப் பேசுவது 13(8) பிரிவு. முதலில் அதில் இருந்த வாசகம் கடன்காரருக்குச் சாதகமானது. சொத்து விற்கப்படுவதற்கோ கைமாற்றப்படுவதற்கோ குறிக்கப்பட்ட தேதிக்கு முன்பு எந்த நேரத்திலும், நிலுவை முழுவதையும் செலவுகளோடு சேர்த்துக் கட்டினால் வங்கி சொத்தை விற்கக் கூடாது என்று அது சொன்னது. 2014இல் மேத்யூ வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாசகத்தை வைத்து, விற்பனைக்கு முன் கடன்காரருக்கு 30 நாள் முழுதாகக் கிடைக்க வேண்டும், அது மீட்பதற்கான அவகாசம் என்று விளக்கியது.

2016இல் நாடாளுமன்றம் இந்தப் பிரிவைத் திருத்தியது. திருத்தம் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய வாசகப்படி, பொது ஏலத்துக்கான அறிவிப்பு வெளியிடப்படும் தேதிக்கு முன்பு பணத்தைச் செலுத்தியாக வேண்டும். டெண்டர் கேட்டாலோ, தனியாகப் பேசி விற்றாலோ, அதற்கான அறிவிப்புக்கும் இதே கணக்குதான்.

மாறியவை சில வார்த்தைகள்தான். ஆனால் கடைசி நாள் ஒரு மாதத்துக்கும் மேல் முன்னால் நகர்ந்துவிட்டது.

129 கோடி கொடுத்தும் கிடைக்காத சொத்து

திருத்தத்தின் முழுக் கடுமையும் வெளியே தெரிந்தது 2023இல்தான். மும்பையைச் சேர்ந்த பாஃப்னா மோட்டார்ஸ் என்ற நிறுவனம் யூனியன் வங்கியிடம் வாங்கிய கடன் வாராக்கடன் ஆனது. அடமானச் சொத்தை விற்க எட்டு முறை ஏலம் அறிவித்தும் விற்கவில்லை. ஒன்பதாவது அறிவிப்பு 2023 ஜூன் 14 அன்று வெளியானது. ஜூன் 30 அன்று நடந்த ஏலத்தில் செலிர் என்ற நிறுவனம் 105 கோடியே 5 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது.

அதன் பிறகு கடன் வாங்கிய நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றத்தை நாடி, 129 கோடி ரூபாய் கட்டி மீட்டுக்கொள்கிறோம் என்றது. வங்கிக்கு ஏலத் தொகையை விட 24 கோடி ரூபாய் அதிகம் கிடைக்கும். வங்கி ஒப்புக்கொண்டது, உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. இத்தனைக்கும் ஏலம் எடுத்தவர் அதற்கு முன்பே ஜூலை 27 அன்று முழுத் தொகையையும் கட்டி முடித்திருந்தார்.

உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பர் 21 அன்று உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்தது. ஏல அறிவிப்பு வெளியானதுமே 13(8) பிரிவின் கீழ் மீட்பு உரிமை முடிந்துவிட்டது. ஏலம் உறுதியாகி, எடுத்தவர் பணத்தையும் கட்டிவிட்ட பிறகு, கடன்காரரோடு வங்கி தனியாக ஓர் ஏற்பாடு செய்துகொள்ள முடியாது என்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதி ஜே.பி.பர்திவாலா அமர்வு சொன்னது. ஏலத்தை நம்பிப் பணம் போட்டவரைக் கடைசியில் கைவிட்டால் நாளைக்கு வங்கி ஏலத்துக்கே யாரும் வர மாட்டார்கள் என்பது நீதிமன்றத்தின் கவலை.

வங்கி மேலாளரே சம்மதித்தாலும், ஏலம் முடிந்த பிறகு அந்தச் சம்மதத்துக்கு மதிப்பில்லை என்பதைச் சாமானியக் கடன்காரர்களும் இந்தத் தீர்ப்பிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய கடனுக்கும் இதே விதிதானா?

அடுத்து எழுந்த கேள்வி இது. 2016 செப்டம்பருக்கு முன்பே கடன் வாங்கியவருக்குப் பழைய வாசகம் பொருந்துமா, புதியதா? இதற்கு விடை சொன்னது தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு.

கேபிகே ஆயில்ஸ் அண்ட் புரோட்டீன்ஸ் என்ற நிறுவனம் 2016 ஜனவரியில், அதாவது திருத்தம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, கடன் வாங்கியது. கணக்கு வாராக்கடன் ஆனது 2019 இறுதியில். 2021 பிப்ரவரியில் ஏலம் நடந்து, மார்ச் மாதம் ஏலம் எடுத்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழும் கொடுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் கடன்காரர் பக்கம் நின்று அந்த விற்பனையை ரத்து செய்தது. ஏலம் எடுத்தவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள்.

2025 செப்டம்பர் 22 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. கடன் எப்போது வாங்கப்பட்டது என்பது முக்கியமில்லை, தவணை தவறியதும் நடவடிக்கை தொடங்கியதும் திருத்தத்துக்குப் பிறகு என்றால் புதிய விதிதான் என்று அமர்வு சொன்னது. ஏலம் எடுத்தவர்களின் விற்பனை நிலைநிறுத்தப்பட்டது.

அதே தீர்ப்பில், 13(8) பிரிவின் வாசகமும் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளின் வாசகமும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் இருப்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. இந்தக் குழப்பத்தைக் கவனிக்குமாறு மத்திய நிதி அமைச்சகத்தையும் கேட்டுக்கொண்டது. அந்தக் குழப்பத்தில்தான் சாதாரணக் கடன்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு செங்கோட்டைக் கணக்கு

இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை உதாரணம். செங்கோட்டை பஜாரில் மரக்கடை வைத்திருப்பவர் ஒருவர், கடையும் மேல்மாடி வீடும் சேர்ந்த கட்டடத்தை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார். பாக்கி 36 லட்சம் ரூபாய். அக்டோபர் 5 தவணையிலிருந்து கட்ட முடியவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் 90 நாள் தாண்டி கணக்கு வாராக்கடன் ஆகிறது.

ஜனவரி 20 தேதியிட்டு 13(2) நோட்டீஸ் வருகிறது. 60 நாள் கெடு மார்ச் 21 அன்று முடிகிறது. ஏப்ரல் 10 அன்று கட்டடத்தில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. மே மாதம் மதிப்பீட்டாளர் வந்து அளந்து போகிறார். ஜூன் 15 அன்று இரண்டு நாளிதழ்களில் ஏல அறிவிப்பு வருகிறது. அதில் ஏலத் தேதி ஜூலை 20 என்றும், குறைந்தபட்சத் தொகை 55 லட்சம் என்றும் இருக்கிறது.

மரக்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. இலஞ்சியில் இருக்கும் மனைவி பெயரிலான மனையை விற்க ஏற்பாடு செய்கிறார். வட்டி, செலவெல்லாம் சேர்த்து வங்கிக்கு வர வேண்டியது 39 லட்சம் ஆகிவிட்டது. ஜூன் 29 அன்று 39 லட்சத்துக்கும் டிடி எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறார். ஏலத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

பழைய சட்டப்படி அவர் சரியான நேரத்தில் வந்திருக்கிறார். புதிய சட்டப்படி அவருடைய கடைசி நாள் ஜூன் 14. அதாவது 15 நாள் தாமதம். இப்போது வங்கி பணத்தை வாங்கிக்கொண்டு ஏலத்தை நிறுத்தினால் அது வங்கியின் முடிவு. நிறுத்தாவிட்டால், "முழுப் பணத்தையும் கொண்டு வந்தேன்" என்ற ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்லி நீதிமன்றத்தில் அவர் மீட்பு உரிமை கோர முடியாது.

மார்ச் 21க்கும் ஜூன் 14க்கும் இடையே அவருக்கு ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதத்திலும் சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் கடைசி நாள் ஜூன் 14 என்று அவருக்கு யாரும் எழுதி அனுப்பவில்லை. ஏனென்றால் விளம்பரம் எந்த நாளில் வரும் என்பது முன்கூட்டியே வங்கிக்கு மட்டும்தான் தெரியும்.

'30 நாள் நோட்டீஸ்' பணம் கட்டுவதற்கான அவகாசமா?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். ஏலத்துக்கு முன்பு கடன்காரருக்கு 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதிகளில் இருக்கிறது. பதிவுத் தபாலில் வரும் அந்தக் காகிதத்தின் தலைப்பிலேயே '30 நாள் விற்பனை நோட்டீஸ்' என்று அச்சாகியிருக்கும். வாங்கிப் படிப்பவர் என்ன நினைப்பார்? 30 நாள் டைம் கொடுத்திருக்கிறார்கள் என்றுதானே நினைப்பார்.

நடைமுறையில் அந்த நோட்டீஸும் நாளிதழ் விளம்பரமும் ஒரே தேதியிலோ ஓரிரு நாள் இடைவெளியிலோ வருகின்றன. தபால் கைக்கு வரும்போது விளம்பரம் ஏற்கெனவே வந்திருக்கும். 2025 தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் இவற்றைத் தனித்தனி நோட்டீஸ்களாக எடுத்துக்கொள்ளாமல் ஒரே விற்பனை அறிவிப்பின் பகுதிகளாகவே பார்த்தது. கடன்காரருக்கு அனுப்புவது, நாளிதழில் வெளியிடுவது, சொத்தில் ஒட்டுவது, இணையதளத்தில் ஏற்றுவது எல்லாம் சேர்ந்து ஒன்று.

அப்படியானால் 30 நாள் எதற்கு? வாங்க நினைப்பவர்கள் சொத்தைப் பார்த்து, வில்லங்கம் போட்டு, பணம் தயார் செய்ய அந்த இடைவெளி தேவை. விலை நியாயமாகப் போக வேண்டும் என்பது கடன்காரருக்கும் நல்லதுதான். ஆனால் அது மீட்பதற்கான கெடு ஆகாது.

ஆகவே உண்மையான எச்சரிக்கை மணி விற்பனை நோட்டீஸ் வரும்போது அடிப்பதில்லை. சுவாதீன நோட்டீஸ் சுவரில் ஏறிய அன்றே அது அடித்துவிட்டது. மதிப்பீட்டாளர் வந்து அளந்துவிட்டுப் போனால் விளம்பரம் அதிக தூரத்தில் இல்லை என்று பொருள். வங்கியில் கொடுத்த பழைய முகவரியில் ஆள் இல்லாமல், புனலூர், கொல்லம் பக்கம் வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. முகவரி மாறினால் எழுத்து மூலம் வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும். பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை baanknet.com தளத்திலும் பார்க்கலாம்.

எவ்வளவு கட்டினால் மீட்கலாம்?

13(8) கேட்பது முழுத் தொகை. அசல், வட்டி, அதோடு நோட்டீஸ், விளம்பரம், மதிப்பீடு போன்றவற்றுக்கு வங்கி செய்த செலவு எல்லாம் அதில் அடங்கும். "பாதியை இப்ப கட்டுதேன், மிச்சத்தை அடுத்த மாசம்" என்பது இந்தப் பிரிவின் கீழ் மீட்பு ஆகாது. வங்கி பாதியை வரவு வைத்துக்கொண்டு நடவடிக்கையையும் தொடரலாம்.

எனவே முதல் வேலையாக, குறிப்பிட்ட தேதி வரை மொத்தம் எவ்வளவு என்று எழுத்து மூலம் கணக்கு கேட்க வேண்டும். கேட்ட கடிதத்துக்கு வங்கியின் முத்திரையோடு ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். பணம் கட்டும்போது எந்தக் கடன் கணக்குக்கு, எந்த நோட்டீஸ் தொடர்பாகக் கட்டுகிறோம் என்று ஒரு கடிதத்தில் எழுதிச் சேர்ப்பது நல்லது. கட்டிய தேதியைப் பின்னால் நிரூபிக்க அந்தக் காகிதம்தான் உதவும்.

முழுத் தொகை முடியாதவர்களுக்கு முந்தைய கட்டத்திலேயே வேறு ஒரு வாய்ப்பு இருக்கிறது. தவறிய தவணைகள், வட்டி நிலுவை முழுவதையும் கட்டினால் கணக்கை மீண்டும் வழக்கமான கணக்காக மாற்ற ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தருகின்றன. நம் உதாரணத்து மரக்கடைக்காரர் ஜனவரியிலேயே வங்கியில் பேசியிருந்தால் சில லட்சங்களோடு முடிந்திருக்கக்கூடும்.

ஒரே தவணையில் குறைத்துக் கட்டித் தீர்க்கும் ஏற்பாட்டை ஓடிஎஸ் என்பார்கள். அதை எல்லோரும் கேட்கலாம். ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று வங்கியை நீதிமன்றம் மூலம் கட்டாயப்படுத்த முடியாது என்று 2021இல் பிஜ்னோர் நகரக் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓடிஎஸ் பேச்சு நடக்கிறது என்பதற்காக ஏல விளம்பரம் தானாக நிற்காது. இதை நம்பி நாளைக் கடத்தியவர்கள் நிறைய.

அடமானச் சொத்தையே நல்ல விலைக்கு வெளியில் விற்றுக் கடனை அடைக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 13(2) நோட்டீஸ் வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. வாங்குபவரையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய், அவர் தரும் பணம் நேராகக் கடன் கணக்குக்கு வரும்படி ஏற்பாடு செய்தால் பெரும்பாலும் வங்கி மறுப்பதில்லை. இதுவும் விளம்பரத்துக்கு முன்பே நடந்துவிட வேண்டும்.

நாள் தாண்டிவிட்டால் என்ன வழி?

மீட்பு உரிமை போய்விட்டது என்பதால் வங்கி என்ன செய்தாலும் செல்லும் என்று ஆகாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் விதி இருக்கிறது. 60 நாள் முடியும் முன்பே சுவாதீனம் எடுத்தார்களா? 13(2) நோட்டீஸுக்குக் கடன்காரர் எழுதிய ஆட்சேபத்துக்கு 15 நாளில் பதில் தந்தார்களா? சுவாதீன அறிவிப்பும் ஏல அறிவிப்பும் இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று தமிழில், வெளியாயினவா? முதல் முறை ஏலம் என்றால் அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் இடையே 30 நாள் இருந்ததா? மதிப்பீடு முறையாக நடந்ததா?

இவற்றில் குறை இருந்தால் 17ஆவது பிரிவின் கீழ் கடன் வசூல் தீர்ப்பாயத்தில், அதாவது டிஆர்டியில், மனு போடலாம். தென் மாவட்டங்களுக்கான தீர்ப்பாயம் மதுரையில் இருக்கிறது. வங்கி நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாள்தான் கெடு. மரக்கடைக்காரரின் சுவாதீன நோட்டீஸ் ஏப்ரல் 10 என்றால், அதை எதிர்க்கக் கடைசி நாள் மே 25. தென்காசியிலோ செங்கோட்டையிலோ உள்ள சிவில் நீதிமன்றத்தில் தடை கேட்டு வழக்குப் போடுவது பொதுவாகப் பலன் தராது. இந்த விஷயத்தில் சிவில் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்கிறது.

வங்கியின் நடவடிக்கை விதிமீறல் என்று தீர்ப்பாயம் கண்டால் விற்பனையையே ரத்து செய்து சொத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். தோற்றால் சென்னையில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் கடன் தொகையில் பாதியைக் கட்டினால்தான் அங்கே மனு எடுபடும். தீர்ப்பாயம் நினைத்தால் அதைக் கால் பங்கு வரை குறைக்கலாம், அதற்குக் கீழே குறைக்க முடியாது.

இன்னொன்று, பலர் கேட்காமலே விட்டுவிடும் பணம். சொத்து ஏலத்தில் 58 லட்சத்துக்குப் போய், வங்கிக்கு வர வேண்டியது செலவோடு 39 லட்சம் என்றால், மிச்சம் 19 லட்சம் வங்கியுடையது அல்ல. 13(7) பிரிவின்படி அது உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும். வேறு கடன்காரர்களின் உரிமை அந்தச் சொத்தின் மேல் இல்லையென்றால், உரியவர் என்பது சொத்துக்காரர்தான். ஏலத் தொகை, கடன் கணக்கு, செலவு விவரம் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஏலத் தொகை கடனுக்குப் போதவில்லை என்றால் மீதியைக் கேட்டு வங்கி தீர்ப்பாயம் போகலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வயலை ஏலம் விட முடியுமா?

செங்கோட்டை சுற்றுவட்டாரத்தில் நஞ்சை நிலம் அதிகம் என்பதால் இந்தக் கேள்வியும் முக்கியம். விவசாய நிலத்தின் மேல் உள்ள அடமானத்துக்கு சர்ஃபேசி சட்டம் செல்லாது என்று 31ஆவது பிரிவு சொல்கிறது. வங்கி அந்தக் கடனை வசூலிக்க வேறு சட்ட வழியில் போகலாம். ஆனால் இந்தக் குறுக்கு வழியில் சொத்தை எடுத்து ஏலம் விட முடியாது.

இங்கேயும் ஒரு வரம்பு உண்டு. பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது. அடமானம் வைத்த காலத்தில் நிலம் உண்மையில் விவசாயத்துக்குப் பயன்பட்டதா, அதை விவசாய நிலமாகக் கருதித்தான் வங்கி அடமானம் வாங்கியதா என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன. கோவாவில் ஹோட்டல் கட்டிய ஒரு நிறுவனம், அடமான நிலத்தின் ஒரு பகுதி விவசாய நிலம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தபோது, 2018இல் புளூ கோஸ்ட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குற்றாலம் பக்கம் நஞ்சையில் விடுதி கட்டிக் கடன் வாங்கியவருக்கு இந்தத் தீர்ப்பு ஒரு தடை. நெல் விளையும் வயலையே அடமானம் வைத்தவர், அடங்கல் போன்ற சாகுபடி ஆதாரங்களோடு உடனே ஆட்சேபம் எழுதலாம்.

எந்த நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும்?

13(2) நோட்டீஸ் கைக்கு வந்தால் அதன் மேலேயே மூன்று தேதிகளை எழுதி வைத்துக்கொள்ளலாம். முதலாவது, நோட்டீஸ் தேதியிலிருந்து 60ஆவது நாள். அதற்குள் ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும், நிலுவையைக் கட்டிக் கணக்கைச் சரிசெய்ய முடியுமா என்று பேச வேண்டும். இரண்டாவது, சுவாதீன நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து 45ஆவது நாள். தீர்ப்பாயம் போவதாக இருந்தால் அதுதான் கெடு.

மூன்றாவது தேதி, ஏல விளம்பரம் வரும் நாள். அதை யாராலும் முன்கூட்டி எழுதி வைக்க முடியாது. 60 நாள் முடிந்த பிறகு அது எந்தக் காலையிலும் நாளிதழில் வரலாம். பணம் புரட்டும் வேலையை அந்த நாளுக்கு முன்பே முடிப்பவர் சொத்தை உரிமையோடு கேட்டு வாங்கலாம். அதற்குப் பிறகு வருபவர் வங்கியின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.